கட்டியை எடுத்த பிறகும் கீமோ எதற்கு?

கேள்வி: என் அம்மாவுக்கு 47 வயது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் பிரிவில் பல வருஷமாக இருக்கிறார். வலது பக்கப் பெருங்குடலில் புற்றுக்கட்டி என்று வேலூரில் ஆபரேஷன் செய்து ஐந்து வாரம் ஆகிறது. கட்டி முழுவதும் வந்துவிட்டது, ஸ்கேனில் வேறெங்கும் எதுவும் இல்லை என்றார்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'டி3, என்1, 18 நிணநீர் முடிச்சுகளில் ஒன்றில் நோய்' என்று இருக்கிறது. இப்போது கீமோ எடுக்கச் சொல்கிறார்கள். "அதான் எடுத்தாச்சே, அப்புறம் எதுக்கு?" என்கிறார் அம்மா. கூட வேலை பார்க்கும் குடியாத்தம் அண்ணன் ஒருவருக்கும் இதே ஆபரேஷன்தான். அவருக்குக் கீமோவே வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இன்னும் மூன்று மாதத்தில் தம்பி கல்யாணம். அது முடிந்து ஆரம்பித்தால் ஆகாதா? கை மரத்துப்போகும் என்கிறார்களே, அம்மாவால் மறுபடி தைக்க முடியுமா டாக்டர்?

— வாசகி, ஆம்பூர்

பதில்: உங்கள் அம்மாவுக்கும் அந்த அண்ணனுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் '18-ல் ஒன்று' என்ற அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. குடலோடு சேர்த்து அதன் கொழுப்புத் திரையில் உள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுத்து, நோய்க்குறியியல் மருத்துவர் ஒவ்வொன்றாக மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். டி3 என்றால் கட்டி குடல் சுவரின் தசையைத் தாண்டியிருக்கிறது. அந்த அண்ணனுக்கும் அதுவே இருந்திருக்கலாம். ஆனால் அவருடைய முடிச்சுகள் எல்லாம் சுத்தமாக இருந்திருந்தால் அது இரண்டாம் நிலை. ஒரே ஒரு முடிச்சில் நோய் இருந்தாலும் மூன்றாம் நிலை ஆகிவிடும்.

அந்த ஒரு முடிச்சு இருந்த இடத்தையும் சேர்த்துத்தான் வெட்டி எடுத்துவிட்டார்கள். பிறகு ஏன் மருந்து? முடிச்சு வரை வந்த செல்கள் அதைத் தாண்டியும் சில போயிருக்கலாம் என்பதற்கு அது அடையாளம். சில ஆயிரம் செல்கள் கல்லீரலில் தங்கியிருந்தால் எந்த ஸ்கேனும் காட்டாது. 'ஸ்கேனில் ஒன்றும் இல்லை' என்பதற்கு 'ஸ்கேன் காட்டும் அளவுக்கு ஒன்றும் இல்லை' என்றுதான் பொருள். மூன்றாம் நிலையில் ஆபரேஷன் மட்டும் செய்த காலத்தில் சுமார் பாதிப் பேருக்கு நோய் திரும்பி வந்தது. 1990-ல் ஃப்ளூரோயுராசில் சார்ந்த சிகிச்சை அந்த எண்ணிக்கையைக் கணிசமாகக் குறைக்கும் என்று தெரிந்தது. 2004-ல் அதோடு ஆக்ஸாலிபிளாட்டின் சேர்ந்தபோது இன்னும் கொஞ்சம் குறைந்தது.

இரண்டாம் நிலையில் கணக்கு வேறு. பெரும்பாலானவர்கள் ஆபரேஷனிலேயே குணமாகிவிடுகிறார்கள். நூறு பேருக்கு மருந்து கொடுத்தால் கூடுதலாகக் காப்பாற்றப்படுபவர்கள் மூன்று நான்கு பேர். பக்கவிளைவோ நூறு பேருக்கும். அதனால் கட்டி குடலின் வெளிச்சவ்வையே துளைத்திருந்தாலோ, குடல் அடைத்தோ ஓட்டையாகியோ அவசரமாக ஆபரேஷன் நடந்திருந்தாலோ, 12 முடிச்சுகளுக்குக் குறைவாகவே பார்த்திருந்தாலோதான் மருந்தைப் பற்றிப் பேசுவோம். ஆறு முடிச்சு மட்டும் பார்த்துவிட்டு 'எல்லாம் சுத்தம்' என்று எழுதியிருந்தால் அதை நம்பி உட்கார முடியாது. உங்கள் அம்மாவுக்கு 18 பார்த்திருக்கிறார்கள். அந்த ரிப்போர்ட் நம்பத்தகுந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு என்பது வேண்டாம். ஆபரேஷன் முடிந்து ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் மருந்து தொடங்க வேண்டும். தள்ளத் தள்ளப் பலன் குறைகிறது. நீங்கள் சொல்லும் கணக்கில் அம்மாவுக்குப் பதினெட்டு வாரம் ஆகிவிடும். அதற்குள் ஒளிந்திருக்கும் செல்கள் வளர்ந்துவிட்டால் இதே மருந்தால் அவற்றை அழிக்க முடியாமல் போகலாம். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள்: அடுத்த வாரம் தொடங்கினால் கல்யாணத்துக்குள் அநேகமாகச் சிகிச்சையே முடிந்துவிடும்.

அது எப்படி என்றால், மூன்றாம் நிலை முழுவதும் ஒன்றல்ல. டி3-க்குள்ளும், நோயுள்ள முடிச்சுகள் மூன்றுக்குள்ளும் இருந்தால் அது குறைந்த ஆபத்துப் பிரிவு. முன்பு எல்லோருக்கும் ஆறு மாதம் கொடுத்துவந்தோம். பல நாடுகளில் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் சேர்த்துச் செய்த ஆய்வுகளின் கூட்டு முடிவு 2018-ல் வெளிவந்தது. இந்தப் பிரிவில் கேப்பாக்ஸ் என்ற மருந்துமுறையை மூன்று மாதம் எடுத்தவர்களில் 85 சதவீதம் பேர் மூன்று ஆண்டு கழித்தும் நோயின்றி இருந்தார்கள். ஆறு மாதம் எடுத்தவர்களில் 83.1 சதவீதம். அதே சமயம், தொந்தரவு தரும் அளவுக்குக் கை கால் மரத்துப்போனது ஆறு மாதக்காரர்களில் நூற்றுக்குச் சுமார் 45 பேருக்கு. மூன்று மாதக்காரர்களில் 14 பேருக்கு. ஊசியும் நூலும் பிடித்துச் சம்பாதிக்கும் ஒருவருக்கு இதைவிட முக்கியமான எண்கள் வேறில்லை. உங்கள் டாக்டரிடம் "கேப்பாக்ஸ் மூன்று மாதம் போதுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அம்மா என்ன வேலை செய்கிறார் என்பதையும் சொல்லுங்கள். பல நேரம் அது யாருடைய ஃபைலிலும் இருப்பதில்லை. நோயுள்ள முடிச்சு நான்கோ அதற்கு மேலோ இருந்தாலோ டி4 என்றாலோ நான் ஆறு மாதமே சொல்லியிருப்பேன்.

மூன்று மாதம் என்றால் மூன்று வாரத்துக்கு ஒரு தடவையாக நான்கு சுற்று. 150 செ.மீ. உயரம், 54 கிலோ எடை உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய உடல் பரப்பு 1.5 சதுர மீட்டர். முதல் நாள் ஆக்ஸாலிபிளாட்டின் 195 மில்லிகிராம், இரண்டு மணி நேரம் நரம்பில் ஏறும். பிறகு வீட்டில் கேப்பசிட்டபின் 500 மி.கி. மாத்திரை காலை மூன்று, இரவு மூன்று, சாப்பிட்டு அரை மணிக்குள். பதினான்கு நாள் மாத்திரை, ஏழு நாள் ஓய்வு.

மரப்பு இரண்டு வகை. மருந்து ஏறிய முதல் சில நாள் குளிர்ச்சி பட்டாலே விரல் சுரீர் என்னும். ஃபிரிட்ஜ் தண்ணீர் குடித்தால் தொண்டை அடைப்பதுபோல் பயமுறுத்தும். வேலூர் வெயிலில் கஷ்டம்தான், ஆனாலும் அந்த நாட்களில் வெதுவெதுப்பான தண்ணீர்தான். இந்த வகை தானே போய்விடும். அடுத்த சுற்றுக்கு வரும்போதும் விரல் நுனி மரத்தே இருந்தால் அது வேறு. மருந்தின் மொத்த அளவு கூடக் கூட அதுவும் கூடும். ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் அம்மாவை ஊசியில் நூல் கோக்கச் சொல்லுங்கள், ரவிக்கைக் கொக்கி மாட்டச் சொல்லுங்கள். தடுமாறினால் அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும்; ஆக்ஸாலிபிளாட்டினைக் குறைக்கவோ நிறுத்தவோ அவருக்கு இடமிருக்கிறது. மருந்தை நிறுத்திய பிறகும் சில மாதம் மரப்பு கூடலாம் என்பதால் 'முடியட்டும், அப்புறம் சொல்லலாம்' என்று காத்திருக்கக் கூடாது. மாத்திரையால் உள்ளங்கை சிவந்து எரியும், தோல் உரியும். ஒட்டும் பசை, கரைப்பான் இவற்றைத் தொடும் வேலையை அந்த மூன்று மாதம் தவிர்க்கட்டும். முதல் சுற்றிலேயே ஒரு நாளில் வழக்கத்தைவிட நான்கு தடவை கூடுதலாக வயிற்றுப்போக்கு, வாயெல்லாம் புண், காய்ச்சல் என்றால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிலருடைய உடலில் இந்த மருந்தைச் சிதைக்கும் நொதி பிறவியிலேயே குறைவு. அவர்களுக்கு இது உயிராபத்து.

இஎஸ்ஐ பிடித்தம் உள்ளவர் என்றால், புற்றுநோய்க்கு நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பலன் உண்டு. அதற்கான பணிக்காலத் தகுதியை இஎஸ்ஐ கிளையில் கேளுங்கள்.

கேள்வி: வாணியம்பாடி டேனரி ஒன்றில் வேலை பார்த்த என் அப்பாவுக்கு 61 வயது. மூன்றாம் நிலைக் குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து எட்டு மாதம். ஆபரேஷனுக்கு முன் 14.2 இருந்த சி.ஈ.ஏ. அதன்பின் 1.9, கீமோ முடிந்து 2.4. இந்தத் தடவை அலைச்சல் வேண்டாம் என்று இங்குள்ள லேபில் எடுத்தோம், 6.1 வந்திருக்கிறது. நோய் திரும்பிவிட்டதா? உடனே பெட் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள் சொந்தக்காரர்கள்.

— வாசகர், வாணியம்பாடி

பதில்: இந்த ஒரு எண்ணை வைத்து ஆமென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது. சி.ஈ.ஏ. என்பது புற்றுச் செல்கள் ரத்தத்தில் விடும் ஒரு புரதம். மான்ட்ரியலில் கோல்டும் ஃப்ரீட்மனும் 1965-ல் கண்டறிந்தது. 5-க்கு மேல் என்பதை எல்லையாக வைத்தால், நோய் திரும்பிய பத்துப் பேரில் ஏழு பேரை அது காட்டும், மூன்று பேரைத் தவறவிடும். நோய் திரும்பாதவர்களிலும் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்குக் கூடியதுபோல் காட்டும். உங்கள் அப்பா இந்தப் பன்னிரண்டில் ஒருவராக இருக்க நிஜமான வாய்ப்பு உண்டு.

முதல் காரணம், லேப் மாறியிருக்கிறது. கம்பெனிக்குக் கம்பெனி மெஷினும் ரசாயனமும் வேறு. ஒரே ரத்தம் ஓரிடத்தில் 4 என்றும் வேறிடத்தில் 6 என்றும் வரும். வேலூருக்கு ரத்தம் கொடுக்கப் போவது அலைச்சல்தான், ஆனால் ஐந்து வருடமும் ஒரே லேப் என்பது இந்தப் பரிசோதனையின் பாதி மதிப்பு. அடுத்தது பீடி. கீமோ சமயத்தில் விட்டுவிட்டு இப்போது மறுபடி தொடங்கியிருந்தால் அதனாலேயே கூடும். எப்போதும் குடிப்பவர் என்றால் பழைய 2.4-ம் பீடியோடு வந்த எண்தான். அப்போது அந்தச் சமாதானம் செல்லாது. கல்லீரல் கோளாறும் கூட்டும், கீமோ நடக்கும்போதே தற்காலிகமாக ஏறுவதும் உண்டு.

எனவே இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் பழைய லேபிலேயே மறுபடி எடுங்கள். 2.6 வந்தால் பழைய கால அட்டவணைக்குத் திரும்பலாம். 6 வந்தால், அல்லது 4 வந்து அடுத்த மாதம் 5.5 என்று ஏறினால், நெஞ்சு, வயிறு, இடுப்பு மூன்றுக்கும் கான்ட்ராஸ்ட் சி.டி. எடுக்க வேண்டும். நோய் திரும்பும்போது எண் ஏறி நிற்காது, ஏறிக்கொண்டே போகும். சி.டி. சுத்தமாக இருந்தும் எண் ஏறினால்தான் பெட் ஸ்கேனுக்கு வேலை. எண் ஏறியது என்பதற்காக மட்டும் இடம் தெரியாமல் கீமோ தொடங்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

இவ்வளவு துரத்துவது எதற்கு என்றால், கல்லீரலில் ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் வந்திருந்தால் அதை வெட்டி எடுத்துச் சிலரை முழுதாகக் குணப்படுத்த முடியும். இங்கிலாந்தில் 1202 பேரிடம் செய்த ஆய்வு 2014-ல் வந்தது. அறிகுறி வந்தால் பார்க்கலாம் என்று விட்டவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்குத்தான் குணப்படுத்தும் நோக்கில் ஆபரேஷன் செய்ய முடிந்தது, ரத்தமோ சி.டி.யோ தொடர்ந்து எடுத்தவர்களில் ஏறத்தாழ ஏழு பேருக்கு. ஆனால் மொத்த ஆயுளில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். என் நோயாளிகளுக்கு முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஐந்து வருடம் முடியும்வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சி.ஈ.ஏ. எழுதுகிறேன், கூடவே வருடம் ஒரு சி.டி. முதல் வருடத்தின் முடிவில் கொலோனோஸ்கோபி. பத்தில் மூன்றைத் தவறவிடும் பரிசோதனையை மட்டும் நம்பி அவற்றை விடக் கூடாது.

கேள்வி: டேனரித் தண்ணீரால்தான் இந்த நோய் என்று ஊரில் பேசுகிறார்கள். வீட்டில் மற்றவர்களும் சி.ஈ.ஏ. எடுக்கலாமா?

— இரண்டு கடிதங்களிலும் இருந்த கேள்வி

பதில்: பாலாற்றங்கரையில் நிலமும் நீரும் கெட்டது உண்மை, 1996-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்ன விஷயம். ஆறு இணைதிறன் குரோமியத்தைச் சுவாசித்தால் நுரையீரல் புற்று வரும், தோல் தூசியால் மூக்கறைப் புற்று வரும் என்பவை நிறுவப்பட்டவை. பெருங்குடல் புற்றுக்கு அப்படி நிறுவப்பட்ட தொடர்பு இல்லை.

நோயில்லாதவர்கள் சி.ஈ.ஏ. எடுக்க வேண்டாம். ஆரம்பக் கட்டத்தில் அது பெரும்பாலும் கூடுவதே இல்லை. 'ஃபுல் பாடி செக்கப்' பேக்கேஜில் அது இருக்கிறது என்பதற்காக நம்பாதீர்கள். ஆம்பூர் வாசகி முதலில் செய்ய வேண்டியது, அம்மாவின் கட்டியில் எம்எம்ஆர் பரிசோதனை செய்தார்களா என்று கேட்பது. 50 வயதுக்கு முன் வந்த நோய் என்பதால் அது அவசியம். அதில் குறை தெரிந்தால் அது பரம்பரை வகையாக இருக்கலாம். மரபணு ஆலோசனைக்குப் பின், உறுதியானால் நீங்களும் தம்பியும் இருபதுகளிலேயே கொலோனோஸ்கோபி தொடங்க வேண்டிவரும். குறை இல்லையென்றால் அம்மாவுக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து வருடம் முன்னதாக, அதாவது உங்கள் 37-வது வயதில், முதல் கொலோனோஸ்கோபி.