அழுகையைச் சொல்லாத ஐந்து அடிகள்

ரெட்டியார்பாளையம்,
புதுச்சேரி.

அன்புள்ள கண்மணிக்கு,

நீ அனுப்பிய போர்க் கவிதையை நேற்றிரவு மொட்டைமாடியில் உட்கார்ந்து படித்தேன். 'ரத்தக் கண்ணீர்' மூன்று இடத்தில் வருகிறது, 'நெஞ்சம் வெடித்தது' இரண்டு இடத்தில். உன் வருத்தம் உண்மையானது. ஆனால் செத்தவர் யார், அவர் போனதால் அந்த வீட்டில் எது இல்லாமல் போனது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் புறநானூற்றின் 112ஆம் பாட்டைப் பற்றி உனக்கு எழுதுகிறேன்.

மூவேந்தரும் பறம்பு மலையை முற்றுகையிட்டார்கள், பாரி கொல்லப்பட்டான். அதன்பின் அவன் மகளிர் பாடியது இது. மொத்தம் ஐந்தே அடி. போன மாத நிலவில் அப்பா இருந்தார், மலையும் எங்களிடம் இருந்தது. இந்த மாத நிலவில் மலை அரசர் கையில், அப்பாவும் இல்லை. செய்தி இவ்வளவுதான். 'இறந்தார்' என்ற சொல்லோ, கண்ணீரோ, போர்க்களமோ அதில் கிடையாது.

பிறகு எப்படி நெஞ்சை அடைக்கிறது? சொற்கள் நிற்கும் இடத்தைப் பார். முதலில் அப்பா, அடுத்து மலை. இரண்டாம் முறை வரிசை மாறுகிறது: முதலில் மலை, கடைசியில் அப்பா. மலை போனதைச் சொல்லிவிடலாம். அப்பா இல்லை என்பதைத்தான் நாக்கு தள்ளிப்போடுகிறது. அதைச் சொன்னதும் பாட்டு முடிந்துவிடுகிறது.

நிலவுக்கு இரண்டு இடத்திலும் 'வெண்மை' என்ற ஒரே அடைதான். அது மாறவில்லை, மாறியது 'அ' என்ற சுட்டு 'இ' ஆனது மட்டுமே. வேந்தருக்கு மட்டும் வெற்றி முரசு என்ற அடைமொழி உண்டு. பழைய உரைகாரர் அதையும் இகழ்ச்சிக் குறிப்பு என்கிறார்: வஞ்சித்துக் கொன்றவர்களுக்கு வெற்றி முரசு!

அடுத்த பாட்டையும் படி. 113இல் பாரியின் நண்பர் கபிலர் பறம்பிடம் விடைபெறுகிறார். அங்கே கள்ளும் ஆட்டிறைச்சியும் சோறுமாக இருந்த பழைய வளம் விரிகிறது, கண்ணீரும் வெளிப்படையாக வருகிறது. அதுவும் நல்ல பாட்டு. தோழன் அப்படி விரித்துப் பேசலாம். தகப்பனை இழந்த பெண்களுக்கு அவ்வளவு பேச வாய் வராது.

ஒன்றை மறந்துவிடாதே. எளிமையாக எழுதினால் மட்டும் துக்கம் வந்துவிடாது. முதல் பாதியை மூடிவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் படித்துப் பார். வெறும் செய்தியாக நிற்கும். இருந்ததை முதலில் காட்டியதால்தான் இல்லாதது கனக்கிறது.

உன் கவிதையின் ஏழாம் வரியில், வாசலில் கிடக்கும் ஒரு ஜோடி செருப்பு இருக்கிறதே, அதிலிருந்து தொடங்கு. அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு அவர் எங்கே போவார் என்று முதலில் எழுது. ரத்தக் கண்ணீரை எடுத்துவிடு. திருத்தியதும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் அத்தை