பீடி சுற்றும் பெண்களின் படிவமும் நான்கு தலைகீழ்க் கேள்விகளும்

ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயக் கடைசியில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: ‘தரவுகள் சுத்தம் செய்யப்பட்டு, எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளில் பகுப்பாய்வு செய்யப்பட்டன.’ வைவாவில் முதல் கேள்வி இந்த வரியிலிருந்துதான் வரும். எதை நீக்கினீர்கள், எதைத் திருத்தினீர்கள், எந்தக் கேள்வியைத் திருப்பினீர்கள்? இவற்றுக்குப் பதில் சொல்லும் ஒரு பத்தியை எழுதுவது எப்படி என்று பார்ப்போம்.

ஒரு ஆய்வை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கீழப்பாவூர் வட்டாரத்தில் பீடி சுற்றும் பெண்களிடம் மன அழுத்தம் பற்றி 240 படிவங்கள் வாங்கியிருக்கிறீர்கள். அளவுகோல், ஷெல்டன் கோஹன் குழுவினர் 1983இல் வெளியிட்ட மன அழுத்த அளவுகோலின் பத்துக் கேள்வி வடிவம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்காகத்தான். உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் மூலக் கோப்பை நகலெடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். அதன்மேல் யாரும் கை வைக்கக் கூடாது.

இரட்டைப் பதிவைப் பெயரை வைத்துத் தேடாதீர்கள். நம் பக்கத்தில் இசக்கியம்மாளும் மாரியம்மாளும் ஒரே தெருவில் நாலு பேர் இருப்பார்கள். போன் நம்பரும் உதவாது, மாமியாரும் மருமகளும் ஒரே நம்பரைத்தான் தருவார்கள். பீடிக் கம்பெனி பாஸ்புக்கும் அப்படியே. ஒருத்தி பெயரில் இருக்கும், வீடே சுற்றும். படிவ எண் ஒன்றாக இருந்தாலோ, ஊர், வயது, சுற்ற ஆரம்பித்த வயது ஆகிய மூன்றும் அச்சாக ஒத்துப்போனாலோ காகிதத்தை எடுத்துப் பாருங்கள். ஒரே காகிதத்தை இரண்டு முறை ஏற்றியிருந்தால் ஒன்றை நீக்குங்கள். ஒரே பெண்ணிடம் இரண்டு பேர் போய்க் கேட்டிருந்தால் முதல் படிவத்தை வைத்துக்கொள்வது என் வழக்கம். எந்த விதியானாலும் எழுதிவிடுங்கள்.

நடக்கவே முடியாத மதிப்பையும், அரிதான மதிப்பையும் குழப்பாதீர்கள். வயது 34, பீடி சுற்றும் அனுபவம் 38 வருஷம் என்றால் அது நடக்காது. ஒரு நாளைக்கு 10,000 பீடி என்றாலும் நடக்காது. ஆயிரம் சுற்றவே ஒருத்திக்கு முழு நாள் போய்விடும். அநேகமாக ஒரு பூஜ்யம் கூடியிருக்கும், அல்லது வாரக் கணக்கைச் சொல்லியிருப்பார். ஆனால் 2,000 என்று இருந்தால் கை வைக்காதீர்கள். அது பாஸ்புக்கில் ஏறும் வீட்டுக் கணக்காக இருக்கலாம். காகிதத்தில் சரியான எண் இருந்தால் திருத்துங்கள், இல்லையென்றால் காலியாக விடுங்கள். ‘இதுவாகத்தான் இருக்கும்’ என்று யூகித்து எண் போடுவது திருத்தம் ஆகாது.

மறுகுறியீட்டில் இங்கே தவறாமல் வரும் சிக்கல் ஊர்ப்பெயர். கீழப்பாவூரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் ஏற்றியிருப்பார்கள். எல்லாவற்றையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். மாவட்டம் கேட்டிருந்தால் சிலர் திருநெல்வேலி என்பார்கள். தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22இல்தான். பழைய அடையாள அட்டையில் பழைய மாவட்டம் இருக்கும். மாவட்டத்தை ஊரை வைத்துத் தீர்மானியுங்கள்.

இனி, பலரும் தடுக்கி விழும் இடம். இந்த அளவுகோலில் 4, 5, 7, 8 ஆகிய நான்கு கேள்விகளும் நல்ல நிலையைக் கேட்கின்றன: பிரச்சினையைச் சமாளிக்கலாம் என்ற நம்பிக்கை இருந்ததா, காரியங்கள் நினைத்தபடி நடந்தனவா என்பது போல. மற்ற ஆறும் தொல்லையைக் கேட்கின்றன. பதில் 0 முதல் 4 வரை. ஆகவே நான்கையும் திருப்பிய பிறகே கூட்ட வேண்டும்.

திருப்பாவிட்டால் என்ன ஆகும்? மிகவும் அழுத்தத்தில் இருக்கும் ஒரு பெண்ணின் பதில்கள் வரிசையாக 3, 3, 4, 1, 1, 3, 1, 0, 3, 4. நிம்மதியாக இருக்கும் ஒருத்தியின் பதில்கள் 1, 1, 0, 3, 3, 1, 3, 4, 1, 0. திருப்பாமல் கூட்டினால் 23, 17. திருப்பிக் கூட்டினால் 33, 7. இரண்டு பேருக்கும் இடையே இருக்கும் 26 மதிப்பெண் வித்தியாசம் வெறும் 6 ஆகிவிடுகிறது. ஆய்வில் ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’ என்று வந்தால் முதலில் இங்கே தேடுங்கள்.

வரிசையும் முக்கியம். பதில் இல்லாததற்கு 9 போட்டிருந்தால், அதை விடுபட்ட மதிப்பு என்று அறிவித்த பிறகே திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் 4 − 9 = −5 என்று ஒரு மதிப்பு உருவாகி மொத்தத்தில் கலந்துவிடும். அதற்கும் முன்னால், பத்துக்கும் ஒரே எண்ணைப் போட்டவர்களைத் தேடுங்கள். எல்லாவற்றுக்கும் 4 போட்டவருக்குத் திருப்பிய பிறகு மொத்தம் 24 வரும். பார்க்கச் சாதாரணமாக இருப்பதால் அப்புறம் கண்ணில் படாது. எல்லாம் 4, எல்லாம் 0 இரண்டும் தமக்குள் முரண்படுகிற பதில்கள். எல்லாம் 2 மட்டும் உண்மையாக இருக்க வாய்ப்புண்டு, அதை வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு ஓட்ட வேண்டிய கட்டளை இது; p1 முதல் p10 வரை பத்துக் கேள்விகளின் பதில்கள்:

```
MISSING VALUES p1 TO p10 (9).
COMPUTE p4r = 4 - p4.
COMPUTE p5r = 4 - p5.
COMPUTE p7r = 4 - p7.
COMPUTE p8r = 4 - p8.
COMPUTE pss = SUM.10(p1,p2,p3,p4r,p5r,
  p6,p7r,p8r,p9,p10).
EXECUTE.
CROSSTABS p4 BY p4r.
```

புதிய பெயரில்தான் திருப்ப வேண்டும். p4 மேலேயே எழுதிவிட்டால், கட்டளை இரண்டாம் முறை ஓடும்போது பழைய நிலைக்கே திரும்பிவிடும். திருப்பினோமா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. RECODE கட்டளையை விடக் கழித்தலை நான் விரும்புவதற்கும் காரணம் உண்டு. பதில்களை 1 முதல் 5 வரை ஏற்றியிருந்தால் கழித்தலில் −1 என்று வந்து தவறு தெரிந்துவிடும். RECODE … INTO சொல்லாமல் காலியாக்கிவிடும். அப்படி ஏற்றியிருந்தால், 9ஐ விடுபட்ட மதிப்பு என்று அறிவித்த பிறகு எல்லாவற்றிலும் ஒன்றைக் கழித்துவிட்டுத் திருப்பத் தொடங்குங்கள். SUM.10 என்பதில் உள்ள 10ஐ விட்டுவிடாதீர்கள். வெறும் SUM, பதில் விடுபட்டவருக்கும் ஒரு மொத்தத்தைப் போட்டு, அவரை அழுத்தம் குறைந்தவராகக் காட்டிவிடும்.

பிறகு க்ரான்பாக் ஆல்ஃபா போடும்போது Corrected Item-Total Correlation என்ற நெடுவரிசையைப் பாருங்கள். p4r, p5r, p7r, p8r நான்கும் எதிர்மறையாக வந்தால், அச்சடித்த படிவத்தை எடுங்கள். அந்த நான்குக்கும் ‘அடிக்கடி’ என்பதை முதலில் போட்டு 0 கொடுத்திருக்கலாம். அதாவது ஏற்கெனவே திரும்பியிருக்கிறது, நீங்கள் மறுபடி திருப்பியிருக்கிறீர்கள். நேர்மறையாகவே இருந்து எண் மட்டும் சிறியதாக இருந்தால் பதற வேண்டாம். இந்த நான்கும் தனிக் குழுவாக நிற்பது பல நாட்டு ஆய்வுகளிலும் கண்டதுதான். ஆல்ஃபாவை உயர்த்துவதற்காக அவற்றைத் தூக்கி எறியாதீர்கள்.

இவ்வளவும் செய்த பிறகு எழுத வேண்டியது இவ்வளவுதான்:

‘மொத்தம் 240 பதிவுகள் கிடைத்தன. காகிதப் படிவத்துடன் ஒப்பிட்டு 6 இரட்டைப் பதிவுகள் நீக்கப்பட்டன. வயது, அனுபவ ஆண்டு, நாள் உற்பத்தி ஆகியவற்றில் 9 பொருந்தாத மதிப்புகள் இருந்தன. 7 காகிதத்தைப் பார்த்துத் திருத்தப்பட்டன, 2 விடுபட்டவையாகக் கொள்ளப்பட்டன. பத்துக் கேள்விகளுக்கும் ஒரே பதிலாக 0 அல்லது 4 அளித்த 4 பேர் நீக்கப்பட்டனர். விடுபட்ட பதில்கள் குறிக்கப்பட்ட பின் 4, 5, 7, 8ஆம் கேள்விகள் 4இலிருந்து கழித்துத் திருப்பப்பட்டன. அளவுகோலில் பதில் விடுபட்ட 3 பேர் தவிர்த்து, மன அழுத்தப் பகுப்பாய்வில் 227 பேர் இடம்பெற்றனர்.’

240இலிருந்து 227 வரை ஒவ்வொரு கழித்தலும் கணக்கில் நிற்கிறதா என்று ஒரு முறை கூட்டிப் பாருங்கள். நான்காம் அத்தியாயத்து அட்டவணைகளின் மொத்தமும் இதோடு ஒத்துப்போக வேண்டும். கட்டளைக் கோப்பை அப்படியே பின்னிணைப்பில் சேர்த்துவிடுங்கள்.