ஸ்லைடைப் படமாக்கி குரூப்பில் போடுவோருக்கு 10 குறிப்புகள்

குடியிருப்பு நலச்சங்கத்தில் டெங்கு பற்றி ஒரு கூட்டம் நடந்தது என்று வைத்துக்கொள்வோம். டாக்டர் காட்டிய பவர்பாயிண்ட் கோப்பில் 22 ஸ்லைடுகள். வீட்டில் இருப்பவர்களுக்கு வேண்டியவை அவற்றில் நான்குதான். அந்த நான்கையும் வாட்ஸ்அப் குரூப்பில் படமாகப் போட வேண்டும்; தாத்தா பாட்டியும் கண்ணாடியைத் தேடாமல் படிக்க வேண்டும். அதற்கான வழி இதோ.

1. மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள்

பவர்பாயிண்டில் படமாகச் சேமிக்கும்போது இரண்டே கேள்விதான் கேட்கும்: எல்லா ஸ்லைடுமா, இந்த ஒன்று மட்டுமா? நமக்கு வேண்டிய நான்கை மட்டும் குறித்துக் கொடுக்க அங்கே வழி இல்லை. அதனால் முதலில் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வேறு பெயரில் சேமியுங்கள். நகலைத் திறந்து View > Slide Sorter போனால் எல்லா ஸ்லைடும் வரிசையாகத் தெரியும். Ctrl விசையை அழுத்தியபடி வேண்டாதவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டு Delete செய்யுங்கள். வேண்டியவற்றைப் புதுக் கோப்பில் ஒட்டினாலும் ஆகும். ஆனால் வண்ணமும் அமைப்பும் மாறிப்போக வாய்ப்பு உண்டு. நகலில் நீக்குவதே பத்திரம்.

2. படுத்திருக்கும் பக்கத்தை நிமிர்த்துங்கள்

ஸ்லைடு டிவி போல அகலமானது; போனை நாம் பிடிப்பதோ நெட்டுக்குத்தாக. அகலப் படம் போனில் ஒரு பட்டைபோல் சுருங்கி, மேலும் கீழும் இடம் வீணாகக் கிடக்கும். Design > Slide Size > Custom Slide Size போய் அகலம் 28.58 செ.மீ., உயரம் 35.72 செ.மீ. என்று கொடுங்கள். அடுத்து வரும் கேள்விக்கு Ensure Fit என்பதைத் தேர்ந்தெடுத்தால் எதுவும் ஓரத்தில் வெட்டுப்படாது. எல்லாம் சிறிதாகிப் பக்கத்தின் நடுவில் வந்து நிற்கும். அதைப் பிறகு பெரிதாக்கி அடுக்கிக்கொள்ளலாம்.

இந்த அளவைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் பவர்பாயிண்ட் வழக்கமாக ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல் என்ற கணக்கில் படம் எடுக்கும். அதன்படி இந்தப் பக்கம் 1080க்கு 1350 பிக்சல் படமாக வரும். வாட்ஸ்அப் சாதாரணத் தரத்தில் அனுப்பும்போது பொதுவாக நீளமான பக்கத்தைச் சுமார் 1600 பிக்சலுக்குள் சுருக்கிவிடும். நம் படம் ஏற்கெனவே அதற்குள் இருப்பதால் சுருக்க வேலையே இருக்காது.

3. எழுத்தின் அளவைப் போனின் அகலத்தை வைத்து முடிவு செய்யுங்கள்

படம் மங்கலாக இருக்கிறது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் பிக்சலைக் கூட்டிப் பார்ப்பார்கள். உண்மையில் படம் தெளிவாகவே இருக்கும். எழுத்துதான் பொடியாக இருக்கும். வழக்கமான ஸ்லைடின் அகலம் 33.87 செ.மீ.; போன் திரையின் அகலம் ஏறக்குறைய 6.8 செ.மீ. அதாவது எல்லாம் ஐந்தில் ஒரு பங்காகும். 20 பாயிண்டில் அடித்த வரி போனில் 4 பாயிண்டாகத் தெரியும். எத்தனை பிக்சல் கொடுத்தாலும் 4 பாயிண்ட் 4 பாயிண்ட்தான்.

நாம் நிமிர்த்திய பக்கம் போனில் சுமார் 4.2 மடங்கு சுருங்கும். புத்தக எழுத்துபோல 10 பாயிண்டில் தெரிய வேண்டுமானால் ஸ்லைடில் 42 பாயிண்ட் வேண்டும். தலைப்புக்கு 60 வைக்கலாம். 36க்குக் கீழே எதையும் விடாதீர்கள்.

கணக்கு போடாமலும் பார்க்கலாம். பவர்பாயிண்டின் வலது கீழ் மூலையில் உள்ள ஜூம் பட்டையை இழுத்து, ஸ்லைடு உங்கள் போன் அளவுக்கு வரும்வரை சுருக்குங்கள். போனை மானிட்டர் மேல் வைத்து அகலம் சரியா என்று ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அந்த அளவில் எந்த வரியைப் படிக்கத் தலையை முன்னால் நீட்டுகிறீர்களோ, அந்த வரியைப் பெரிதாக்க வேண்டும்.

4. எழுத்து பெரிதானால் சொல் குறைய வேண்டும்

42 பாயிண்டில் ஒரு வரிக்கு மூன்று சொல், மிஞ்சினால் நான்கு சொல்தான் கொள்ளும். ஆகவே ஸ்லைடில் இருந்ததை அப்படியே விட முடியாது. டெங்கு கோப்பில் இப்படி ஒரு வரி இருந்தது என்று வையுங்கள்:

"ஏடிஸ் கொசுவின் முட்டை முழு வளர்ச்சி பெற்ற கொசுவாக மாறும் காலம் ஏழு முதல் பத்து நாட்களாக இருப்பதால், வாரம் ஒருமுறை நீர்த் தொட்டிகளைக் காலி செய்து உட்புறச் சுவர்களைத் தேய்த்துக் கழுவுதல் அவசியமாகும்."

போனுக்கு இதையே இப்படி மாற்றலாம். தலைப்பு: "வாரம் ஒரு நாள் தொட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள்." கீழே இரண்டு வரி: "முட்டை கொசுவாக 7–10 நாள் போதும். தண்ணீரை மட்டும் மாற்றினால் சுவரில் ஒட்டிய முட்டை போகாது." செய்ய வேண்டியது முதலில், காரணம் பிறகு. இதிலும் அடங்காவிட்டால் எழுத்தைக் குறைக்காமல், ஸ்லைடை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். அட்டவணை இருந்தால் இரண்டு பத்திக்கு மேல் வேண்டாம்.

5. புள்ளி போகாத எழுத்துருவும் நிறமும்

தமிழ் எழுத்து சுருங்கும்போது முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. அடுத்து 'ன'வும் 'ண'வும் ஒன்றுபோல் தெரியும். மெல்லிய கோடுள்ள அலங்கார எழுத்துருக்களில் இது சீக்கிரம் நடக்கும். Nirmala UI, Noto Sans Tamil போன்ற சாதாரண யூனிகோடு எழுத்துருக்கள் போதும். பாமினியில் அடித்த பழைய கோப்பு என்றால், அந்த எழுத்துரு இருக்கும் கணினியிலேயே படமாக்குங்கள். இல்லாத இடத்தில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் கலைந்து நிற்கும்.

நிறத்தில், வெள்ளையில் கறுப்பு அல்லது அடர்நீலத்தில் வெள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். நீலத்தின் மேல் சிவப்பு, பச்சையின் மேல் சிவப்பு வேண்டவே வேண்டாம். வாட்ஸ்அப் படத்தை ஜேபெக்காக மாற்றும்போது ஒளியின் ஏற்றத்தாழ்வை ஓரளவு காப்பாற்றும். நிறத்தின் நுணுக்கத்தைத்தான் அதிகம் விட்டுவிடும். அதனால் நிறத்தால் மட்டும் வேறுபடும் எழுத்தின் ஓரம் கசிந்துபோகும்.

6. அனிமேஷன் இருக்கிறதா என்று பாருங்கள்

கூட்டத்தில் ஒன்று மறைந்து இன்னொன்று தோன்றும்படி அமைத்த ஸ்லைடு, படமாகும்போது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காட்டும். தொட்டியின் மேல் கொசு, கொசுவின் மேல் எழுத்து என்று குவிந்துவிடும். இப்படிப்பட்ட ஸ்லைடை Ctrl+D அழுத்தி இரட்டிப்பாக்கி, ஒன்றில் முதல் காட்சியையும் மற்றதில் அடுத்ததையும் மட்டும் விடுங்கள்.

7. PNG ஆகவே சேமியுங்கள்

File > Save As போய் கோப்பு வகையில் PNG என்பதைத் தேர்ந்தெடுத்து, All Slides கொடுங்கள். கோப்பின் பெயரிலேயே ஒரு ஃபோல்டர் உருவாகி, படங்கள் எல்லாம் அதற்குள் இருக்கும். எப்படியும் வாட்ஸ்அப் ஜேபெக் ஆக்கப் போகிறதே, நாமே ஆக்கினால் என்ன என்று தோன்றலாம். அப்படிச் செய்தால் எழுத்து இரண்டு முறை நசுங்கும். கூகுள் ஸ்லைட்ஸில் File > Download என்பதில் PNG உண்டு. ஆனால் திறந்திருக்கும் ஒரு ஸ்லைடு மட்டுமே இறங்கும். நான்குக்கு நான்கு முறை இறக்க வேண்டும்.

8. வாராவாரம் இதே வேலையா?

விண்டோஸ் பவர்பாயிண்டில் ஒரு சிறு மேக்ரோ போதும். வேண்டாத ஸ்லைடை நீக்கவே தேவையில்லை. முதலில் C டிரைவில் Padam என்று ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். இடப்பக்கப் பட்டியலில் Ctrl அழுத்தி வேண்டிய ஸ்லைடுகளைத் தேர்ந்தெடுத்து, Alt+F11 அழுத்தி, Insert > Module போய் இதை ஒட்டி, F5 அழுத்துங்கள்.

```
Sub SelectedToPng()
  Dim s
  For Each s In ActiveWindow.Selection.SlideRange
    s.Export "C:\Padam\" & Format(s.SlideIndex, "00") & ".png", "PNG", 1080, 1350
  Next
End Sub
```

கடைசியில் உள்ள இரண்டு எண்களும் படத்தின் அகலமும் உயரமும். பக்கத்தை இரண்டாம் குறிப்பில் சொன்னபடி நிமிர்த்தியிருந்தால்தான் இவை பொருந்தும்; இல்லாவிட்டால் எழுத்து ஒல்லியாக இழுபட்டு வரும்.

9. ஒவ்வொரு படமும் தனியாகப் பயணம் போகும்

குரூப்பில் நான்காகப் போட்டாலும், யாரோ ஒருவர் மூன்றாவதை மட்டும் அத்தைக்கு அனுப்புவார். ஆகவே படத்துக்குள்ளேயே மூலையில் 3/4 என்று எண்ணும், தேதியும், தகவல் யாருடையது என்பதும் இருக்கட்டும். கோப்பின் பெயர் 01, 02 என்று இருப்பது நல்லது. பவர்பாயிண்ட் தானாகக் கொடுக்கும் Slide1, Slide2 என்ற பெயர்கள், பத்தைத் தாண்டினால் சில இடங்களில் 1, 10, 2 என்று வரிசை மாறி நிற்கும்.

10. அனுப்பும் வழியில் கெடுத்துவிடாதீர்கள்

கணினியிலிருந்து வாட்ஸ்அப் வெப் வழியாக நேராக அனுப்பலாம்; அல்லது கேபிள் மாட்டி போனில் ஏற்றலாம். திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவதும், ஒருமுறை வந்த படத்தைச் சேமித்து மறுபடி ஏற்றுவதும் தரத்தைக் குறைக்கும். அனுப்பும்போது மேலே HD என்ற பொத்தான் தெரிந்தால் தொட்டுக்கொள்ளுங்கள். Document ஆக அனுப்பினால் படம் துளிகூடக் கெடாது. ஆனால் அது கோப்பாக நிற்கும், பலர் திறக்கவே மாட்டார்கள். அச்சடிக்க வேண்டியவருக்கு மட்டும் அப்படி அனுப்புங்கள்.

குரூப்பில் போடும் முன் உங்கள் எண்ணுக்கே ஒருமுறை அனுப்பி, வீட்டில் இருப்பதிலேயே சின்ன போனில் திறந்து, பெரிதாக்காமல் ஒரு முழம் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். "தேய்த்துக்" என்ற சொல்லில் மூன்று புள்ளிகளும் தெரிந்தால் போடலாம். தெரியாவிட்டால் மூன்றாம் குறிப்புக்குத் திரும்புங்கள். முகாம் தேதி, தொடர்பு எண் போன்றவற்றைப் படத்தின் கீழே குறிப்பாகவும் தட்டச்சு செய்துவிடுங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தை வாட்ஸ்அப் தேடலில் கண்டுபிடிக்க முடியாது. தட்டச்சு செய்தது பத்து நாள் கழித்துத் தேடினாலும் கிடைக்கும்.