0.18 ரூபாயும் 179 ரூபாயும்: ஓரலகு முறையில் ஒரு பாடம்

நிலக்கோட்டைப் பூச்சந்தையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஓரலகு விலையைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாங்குவது கால் கிலோ மல்லிகையானாலும் மூட்டையானாலும் பேச்சு ‘கிலோ என்ன விலை?’ என்றுதான் இருக்கும். அதனால் ஆறாம் வகுப்பில் ஓரலகு முறையை நடத்தும்போது நான் பூவில் தொடங்கி, மளிகைப் பொட்டலத்துக்கு வருவது வழக்கம். சென்ற ஆண்டு அந்தப் பொட்டலத்தில்தான் நானே தவறினேன்.

ஒரு மாணவியின் அம்மா இட்லிக்கடை வைத்திருக்கிறார். மளிகையைக் கைப்பேசியில் மொத்தமாக வாங்குவார். துவரம்பருப்பு இரண்டு அளவுகளில் இருந்தது. 500 கிராம் பொட்டலம் 89 ரூபாய். 5 கிலோ பை 895 ரூபாய். படத்தில் தெரிந்த உறைகளில், சிறியதில் ‘கிராமுக்கு ரூ.0.18’ என்றும் பெரியதில் ‘கிலோவுக்கு ரூ.179.00’ என்றும் அச்சாகியிருந்தது. “எது சார் மலிவு?” என்று கேட்டாள். 0.18-ஐ ஆயிரத்தால் பெருக்கினால் 180, ஆகவே பெரிய பைதான் மலிவு என்றேன். மறுநாள் நோட்டைக் காட்டினாள்: “பத்து சின்னப் பொட்டலம் 890 தானே சார்?” அதற்குள் அம்மா பெரிய பையை வாங்கிவிட்டார்.

பிழை பெருக்கலில் இல்லை. 89-ஐ 500-ஆல் வகுத்தால் 0.178. அச்சில் அது இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கப்பட்டு 0.18 ஆகிவிடுகிறது. கிலோவுக்கு மாற்றும்போது அந்தச் சிறு வேறுபாடும் ஆயிரம் மடங்காகிறது. உண்மை விலை 178. நான் சொன்னது 180. 0.175 முதல் 0.185-க்குச் சற்றுக் கீழ் வரை எல்லாமே 0.18 என்றுதான் அச்சாகும். அதாவது கிலோ 175 ரூபாய்ப் பருப்பும் 184 ரூபாய்ப் பருப்பும் உறையில் ஒரே எண்ணாகத் தெரியும். தசம எண்களை முழுமையாக்குவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

இரு உறைகளிலும் அலகு ஏன் வேறுபடுகிறது என்றும் பிள்ளைகள் கேட்பார்கள். பொதியப்பட்ட பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவு விதிகளில் 2021-இல் செய்த திருத்தம் ஓரலகு விலையை அச்சிடச் சொல்கிறது. ஒரு கிலோவுக்குக் குறைந்தால் கிராமுக்கு, கூடினால் கிலோவுக்கு. சரியாக ஒரு கிலோ என்றால் இரு விலையும் ஒன்றே என்பதால் தனியாக அச்சிடத் தேவையில்லை. உறையில் உள்ள ஓரலகு விலை அதிகபட்சச் சில்லறை விலையைக் கொண்டு கணக்கிட்டது என்பதையும் சொல்லிவிடுங்கள். இணையத்தில் தள்ளுபடி இருந்தால் அந்த எண் பயன்படாது. நாம் செலுத்தும் தொகையை நிகர எடையால் வகுக்க வேண்டும். விநியோகக் கட்டணம் இருந்தால் அதையும் முதலில் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இப்போது வெற்று உறைகளைக் கொண்டுவரச் சொல்லி, செலுத்திய தொகை, நிகர எடை, ஒரு கிலோவின் விலை என மூன்று பத்திகளை நிரப்பச் செய்கிறேன். அச்சிட்ட ஓரலகு விலையைக் கடைசியில்தான் பார்க்க விடுவேன். தம் விடையோடு அது ஒத்துப்போகாத இடத்தில் பேச்சு தானாகத் தொடங்கிவிடும்.

எண்ணெய் வந்ததும் வகுப்பு மறுபடியும் தடுமாறும். கடலை எண்ணெய் ஒரு லிட்டர் 190 ரூபாய், 15 கிலோ டின் 2,970 ரூபாய் என்று கொடுத்தேன். டின்னில் கிலோ 198. “லிட்டர்தான் மலிவு” என்று பாதி வகுப்பு கத்தியது. பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். லிட்டருக்குப் பக்கத்தில் 910 கிராம் என்று எடையும் இருந்தது. தண்ணீரைப்போல் ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ இருக்காது. 190-ஐ 0.91-ஆல் வகுத்தால் கிலோ ஏறத்தாழ 208.79. டின்தான் மலிவு. 15 லிட்டர் டின்னும் 15 கிலோ டின்னும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். ஆனால் பின்னதில் சுமார் ஒன்றரை லிட்டர் கூடுதல். திரையில் அலகைப் படிக்காமல் எண்ணை மட்டும் படிப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

அந்த மாணவியின் பருப்புக் கணக்கு இன்னும் முடியவில்லை. மாதம் ஒன்றரைக் கிலோ செலவாகும் வீட்டில் 5 கிலோ பை மூன்று மாதத்துக்கு மேல் கிடக்கும். வண்டு விழுந்து கால் கிலோ வீணானால், 895-ஐ 5-ஆல் அல்ல, 4.75-ஆல் வகுக்க வேண்டும். கிலோ 188 ரூபாயைத் தாண்டிவிடுகிறது. இந்தக் கணக்கை நான் கொடுத்தபோது அவள் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. “எங்க கடையில அது ஒரே வாரத்துல தீர்ந்துடும் சார்” என்றாள். அவளுடைய வகுஎண் 5 என்றே கரும்பலகையில் திருத்தி எழுதினேன்.