நாலரை சதவீதம் எதற்கான கூலி?

கேள்வி: நான் பணி ஓய்வு பெற்றவன். பாண்டி பஜாரில் உள்ள எங்கள் முதலீட்டு ஏஜென்ட், ஒரு நிதி நிறுவனத்தின் மூன்று வருட என்.சி.டி.யைச் சொல்கிறார். வட்டி 11.5 சதவீதம், ரேட்டிங் ‘ஏ’. அரசுப் பத்திரத்தில் 7 சதவீதம்தான் வருகிறது. பத்து லட்சம் போடலாமா?
– வாசகர், தியாகராய நகர்

பதில்: ரேட்டிங்கை ஒரு பக்கம் வையுங்கள். உங்கள் கேள்வியிலேயே அதைவிட நல்ல அளவுகோல் இருக்கிறது: 11.5-க்கும் 7-க்கும் இடையிலான நாலரை சதவீதம். இதை ‘கிரெடிட் ஸ்ப்ரெட்’ என்பார்கள். அரசு ரூபாயில் வாங்கிய கடனைத் தராமல் போகாது, நிறுவனம் போகலாம். அந்த அச்சத்துக்கு முதலீட்டாளர்கள் கேட்கும் கூலிதான் இது.

அச்சம் எவ்வளவு என்று கணக்குப் போடலாம். நிறுவனம் நொடித்தால் ரூபாய்க்கு 40 காசு திரும்பும், 60 காசு போகும் என்று வையுங்கள். 4.5-ஐ 0.6-ஆல் வகுத்தால் 7.5. வருடத்துக்கு நூற்றுக்கு ஏழரை வாய்ப்பு. மூன்று வருடத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. இது மேல்வரம்பு. இத்தகைய பத்திரங்களை நினைத்தபோது விற்க முடியாது என்பதால், அந்தச் சிரமத்துக்கான விலையும் நாலரைக்குள் கலந்திருக்கிறது.

வீட்டுக்கடன் நிறுவனமான டி.எச்.எஃப்.எல். கதையைப் பாருங்கள். 2018 மே மாதம் அது பொதுமக்களுக்கு என்.சி.டி. வெளியிட்டது. ரேட்டிங் ‘ஏஏஏ’, வட்டி 9 சதவீதத்தை ஒட்டி. பத்து வருட அரசுப் பத்திரம் அப்போது 7.8 அளவில் இருந்தது. இடைவெளி ஒன்றேகால் சதவீதம்தான். செப்டம்பரில் மற்றொரு நிதி நிறுவனமான ஐ.எல்.&எஃப்.எஸ். தவணை தவறியதும் சந்தை மிரண்டது. அந்த மாதம் 21-ஆம் தேதி, ஒரு மியூச்சுவல் ஃபண்ட் டி.எச்.எஃப்.எல்.லின் குறுகிய காலக் கடன் பத்திரத்தை 11 சதவீத வட்டி கிடைக்கும் விலையில் விற்ற செய்தி பரவியது. ஒரே நாளில் பங்கு விலை 40 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. நிறுவனம் எந்தத் தவணையும் தவறவில்லை என்றது. அன்றைக்கு அது உண்மைதான். ‘ஏஏஏ’ அடுத்த சில மாதங்களுக்கு அப்படியே இருந்தது. 2019 ஜூனில் வட்டி கட்டத் தவறியபோது ரேட்டிங் ‘டி’க்கு இறங்கியது. கடன் கொடுத்தவர்கள் கேட்ட சுமார் 87,000 கோடியில் பாதிகூடத் திரும்பவில்லை.

ரேட்டிங் அவ்வப்போது மாறுகிறது. விலை தினமும் மாறுகிறது. ஆனால் மே மாதத்தில் விலையும் ஏமாந்துதான் போனது என்பதை மறக்க வேண்டாம். குறுகிய ஸ்ப்ரெட் பாதுகாப்புச் சான்றிதழ் அல்ல. விரிந்த ஸ்ப்ரெட்டை மட்டும் அலட்சியம் செய்யக்கூடாது.

ஏஜென்டிடம் ஒன்று கேளுங்கள்: இதே ‘ஏ’ ரேட்டிங், இதே மூன்று வருடம், வேறு நிதி நிறுவனங்களின் பத்திரங்கள் இப்போது சந்தையில் என்ன வட்டிக்குக் கைமாறுகின்றன? மற்றவை 10 சதவீதத்தில் இருக்க இது மட்டும் 11.5 தருமானால், சந்தை இதை ‘ஏ’ என்று ஒப்புக்கொள்ளவில்லை என்று அர்த்தம். மற்றவையும் 11.5 என்றாலும், ஓய்வுக்காலப் பணம் பத்து லட்சத்தை ஒரே நிறுவனத்தில் போடாதீர்கள். ஒரு லட்சத்துக்கு மேல் வேண்டாம். மீதியை அரசுப் பத்திரத்தில் வையுங்கள். ரிசர்வ் வங்கியின் ‘ரீடெயில் டைரக்ட்’ கணக்கு மூலம் நீங்களே நேரடியாக வாங்கலாம்.