முடி கொட்டுகிறதா? ஹார்மோன் ரிப்போர்ட் படிக்கச் சில குறிப்புகள்

டெல்லியில் முடி கொட்டினால் முதல் பழி தண்ணீருக்கு. போர்வெல் தண்ணீர், டேங்கர் தண்ணீர் என்று குடியிருப்புக்கு ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள். அடுத்த கட்டமாக, ரத்தம் எடுக்க வீட்டுக்கே ஆள் அனுப்பும் லேப்களில் ஒரு பெரிய ‘பேக்கேஜ்’ சொல்லிவிடுகிறோம். வருகிற தாளில் டெஸ்டோஸ்டிரோன், டிஎச்இஏஎஸ் என்று வரிசையாக எண்கள். அவற்றில் ஒன்று தடித்த எழுத்தில் இருந்துவிட்டால் அன்றைய தூக்கம் போச்சு. பணம் கட்டுவதற்கு முன்பும், தாள் கைக்கு வந்த பின்பும் பார்க்க வேண்டியவை இவை.

1. முதலில் வகிட்டைப் பாருங்கள். தலை முழுக்கக் கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, ஆனால் வகிடு பழையபடியே இருக்கிறது என்றால், இரண்டு மூன்று மாதம் பின்னோக்கி யோசியுங்கள். டெல்லியில் செப்டம்பர், அக்டோபரில் டெங்கு வந்து படுத்தவர்களுக்கு டிசம்பர், ஜனவரியில் முடி கொட்டுவது வழக்கமாக நடப்பதுதான். பிரசவம், டைஃபாய்டு, கடுமையான டயட் ஆகியவற்றுக்குப் பிறகும் இதே கதைதான். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடும். இதற்கு ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு பார்த்தால் போதும். ஆண் ஹார்மோன் டெஸ்ட்டுக்குச் செலவு செய்ய வேண்டாம்.

உச்சியில் வகிடு அகலமாகிக்கொண்டே போவது வேறு வகை. அதிலும் எல்லோருக்கும் டெஸ்டோஸ்டிரோன் பார்க்க வேண்டியதில்லை. மாதவிலக்கு 35 நாளைத் தாண்டித் தாண்டி வருவது, மோவாயிலும் மேலுதட்டிலும் தடித்த முடி முளைப்பது, முப்பது வயதிலும் விடாத முகப்பரு, கருத்தரிப்பதில் தாமதம் போன்றவற்றில் ஏதாவது கூடவே இருந்தால் கட்டாயம் பாருங்கள். இவை எதுவும் இல்லாதவர்களுக்கு ரிப்போர்ட் பெரும்பாலும் நார்மல்தான் வரும். ரத்தத்தில் ஹார்மோன் சரியான அளவில் இருந்தாலும், வேர்க்கால் அதற்கு அதிகமாக எதிர்வினை காட்டினால் முடி மெலியும். அதனால் ரிப்போர்ட் நார்மல் என்று வந்ததும் சிகிச்சையை விட்டுவிடக் கூடாது.

2. பயோட்டின் மாத்திரையை நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள். முடிக்கென்று கடையில் விற்கும் மாத்திரைகள் பலவற்றில் 10 மில்லிகிராம் பயோட்டின் இருக்கிறது. நமக்கு ஒரு நாளைக்கு வேண்டியதோ சுமார் 30 மைக்ரோகிராம்தான். பல லேப் இயந்திரங்களின் கிட்டில் பயோட்டினே ஒரு பாகமாக இருப்பதால், ரத்தத்தில் மிதக்கும் உபரி பயோட்டின் கணக்கைக் குழப்பும். டெஸ்டோஸ்டிரோன் பொய்யாகக் கூடுதலாகவும், டிஎஸ்எச் பொய்யாகக் குறைவாகவும் வரலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இலேயே இதைப் பற்றி எச்சரித்தது. முடிக்காக மாத்திரை சாப்பிட்டு, அதனாலேயே இல்லாத ஹார்மோன் கோளாறும் தைராய்டும் தாளில் வந்து உட்கார்வது என்ன கொடுமை! ரத்தம் கொடுக்க மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள். மல்டிவைட்டமின் டப்பாவின் பின்பக்கத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

3. கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைத்தே காட்டும். சரியான அளவு தெரிய வேண்டுமானால் மாத்திரையை நிறுத்தி மூன்று மாதமாவது ஆக வேண்டும். டாக்டரைக் கேட்காமல், வேறு தடுப்பு ஏற்பாடு இல்லாமல் நிறுத்திவிடாதீர்கள்.

4. விலக்கான இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள், காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள் ரத்தம் கொடுப்பது நல்லது. டெஸ்டோஸ்டிரோன் காலையில் ஏறி மாலையில் இறங்கும். 17-ஹைட்ராக்சி புரொஜெஸ்டிரோனும் எழுதியிருந்தால் காலை நேரம் இன்னும் முக்கியம். டிஎச்இஏஎஸ் மட்டும் நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கும். இந்த ஹார்மோன்களுக்காகப் பட்டினி இருக்க வேண்டியதில்லை. கூடவே சர்க்கரையோ இன்சுலினோ பார்ப்பதென்றால்தான் வெறும் வயிறு.

5. டெஸ்டோஸ்டிரோனைத் தனியாகப் படிக்காதீர்கள். அதன் பக்கத்தில் எஸ்எச்பிஜி வேண்டும். கல்லீரல் சுரக்கும் இந்தப் புரதம் டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடிபட்ட ஹார்மோன் வேர்க்காலிடம் வேலை காட்டாது. உடலில் இன்சுலின் கூடினாலும் எடை கூடினாலும் எஸ்எச்பிஜி இறங்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மயூர் விஹாரில் ஒரே மாடியில் இருக்கும் இரண்டு பெண்களுக்கும் மொத்த டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 45 நானோகிராம் என்று வைத்துக்கொள்வோம். பல லேப்களில் இது நார்மல் எல்லைக்குள் வரும். 28.8ஆல் வகுத்தால் லிட்டருக்கு 1.56 நானோமோல். இதை நூறால் பெருக்கி எஸ்எச்பிஜி அளவால் வகுக்க வேண்டும். முதல் பெண்ணுக்கு எஸ்எச்பிஜி 65 என்றால் விடை 2.4. இரண்டாமவருக்கு 20 என்றால் விடை 7.8. இந்த விடைக்கு ஃப்ரீ ஆண்ட்ரோஜன் இண்டெக்ஸ் என்று பெயர். பொதுவாக 5ஐத் தாண்டினால் ஆண் ஹார்மோனின் செல்வாக்கு அதிகம் என்று எடுத்துக்கொள்வார்கள். லேபுக்கு லேப் எல்லை சற்று மாறும். தாளில் இருவருக்குமே ‘நார்மல்’தான். ஆனால் இரண்டாமவருக்கு விலக்கும் தள்ளிப்போகிறது என்றால் பிசிஓஎஸ் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். ‘ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன்’ என்று தனியே விற்கும் சாதாரண கிட் டெஸ்ட்டைவிட இந்தக் கணக்கு நம்பகமானது.

வகுக்கும் முன் அலகைப் பாருங்கள். சில லேப்கள் மில்லிலிட்டருக்கு 0.45 நானோகிராம் என்று அச்சடிக்கும். அதுவும் இந்த 45தான்.

6. டிஎச்இஏஎஸ்ஸைப் படிக்க வயது வேண்டும். இது அட்ரினல் சுரப்பியிலிருந்து வருவது. இருபதுகளில் உச்சத்தில் இருந்து வருடா வருடம் இறங்கும். டெசிலிட்டருக்கு 280 மைக்ரோகிராம் என்பது 25 வயதில் சாதாரணம், 55 வயதில் அதிகம். வயது வாரியாக எல்லை போடாத ரிப்போர்ட் என்றால் லேபிலேயே கேளுங்கள். கொஞ்சம் கூடுதலாக இருப்பது பிசிஓஎஸ்ஸிலும் உண்டு. அதற்காக இரவோடு இரவாகக் கூகுளில் கட்டியைத் தேட வேண்டாம்.

ஆனால் டிஎச்இஏஎஸ் 700ஐத் தாண்டினாலோ, டெஸ்டோஸ்டிரோன் 200 நானோகிராமை நெருங்கினாலோ தள்ளிப்போடாமல் எண்டோகிரைனாலஜி டாக்டரைப் பாருங்கள். அட்ரினல் அல்லது சினைப்பையில் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் தேவைப்படலாம். எண் எப்படி இருந்தாலும், சில மாதத்துக்குள் குரல் கனத்து, முகத்தில் முடி மளமளவென்று வளர்ந்தால் அதுவும் அவசரம்தான், குறிப்பாக மாதவிலக்கு நின்ற வயதில்.

7. எல்லைக்கோட்டில் நிற்கும் எண்ணை ஒரு தடவை பார்த்து நம்பாதீர்கள். பெண்களின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் மிகக் குறைவு. சாதாரண இம்யூனோஅஸ்ஸே முறை அந்த அளவில் தடுமாறும். மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் பார்ப்பார்களா என்று கேளுங்கள். விலை கூடுதல், ஆனால் சந்தேகம் தீரும். அது முடியாவிட்டால் அதே லேபில், அதே விலக்கு நாளில் மறுபடி கொடுங்கள். இந்தத் தடவை ஒரு லேப், அடுத்த தடவை தள்ளுபடி தரும் இன்னொரு லேப் என்று மாறினால் இரண்டு எண்களையும் ஒப்பிடவே முடியாது.

8. எய்ம்ஸ், சஃப்தர்ஜங் மாதிரி அரசு மருத்துவமனைக்குப் போவதாக இருந்தால் முதலில் தோல் ஓபிடியில் காட்டுங்கள். தேவையானால் அவர்களே எண்டோகிரைனாலஜிக்கு அனுப்புவார்கள். கூட்டத்தில் டாக்டர் நமக்காக ஒதுக்கும் நேரம் கொஞ்சம்தான். அதனால் ரிப்போர்ட்டின் மேலேயே பேனாவால் நான்கு விஷயம் எழுதிக்கொண்டு போங்கள்: ரத்தம் கொடுத்தது விலக்கின் எத்தனையாவது நாள், எத்தனை மணி, பயோட்டின் கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, ஹார்மோன் மாத்திரை ஏதாவது உண்டா.