பாண்ட் தொகை முழுவதையும் கட்ட வேண்டுமா?

பாதியில் வேலையை விட்டால், பாண்டில் எழுதிய தொகையை அப்படியே கட்டியாக வேண்டும் என்பதில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி அது உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீட்டையே நீதிமன்றம் தரச் சொல்லும்.

2011-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கில் பாண்ட் 3 ஆண்டு, 2 லட்சம் ரூபாய். பயிற்சிக்கு உண்மையில் ஆன செலவோ சுமார் 67,600. ஊழியர் 2 ஆண்டு உழைத்திருந்ததால், மூன்றில் ஒரு பங்கான சுமார் 22,500 ரூபாய் மட்டுமே நிறுவனத்துக்குக் கிடைத்தது.

எல்லா வழக்கிலும் குறையாது. 2025-இல், பொதுத்துறை வங்கி அதிகாரியிடம் வசூலித்த 2 லட்சம் செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். புதிதாக ஆளெடுக்கும் செலவையும் அது கருத்தில் கொண்டது.

ராஜினாமா கொடுக்கும் முன், பயிற்சிச் செலவுக் கணக்கை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.